இடத்தின் விதியும் வேலையின் விதியும்: கஞ்சிக்கோட்டு ஆலை ஒன்றின் அறிவிப்புப் பலகை

வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் திரும்பினால் நெடுஞ்சாலையின் ஓரமாகவே கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டை தொடங்கிவிடுகிறது. காலை ஷிப்டுக்கு வரும் ஆட்களில் ஒரு பகுதியினர் எட்டிமடை, மதுக்கரைப் பக்கமிருந்து எல்லை தாண்டி வருகிறார்கள். இன்னொரு பகுதியினர் கேரளத்துக்குள்ளேயே இருக்கும் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை ஊர்களிலிருந்து வருகிறார்கள். அங்கே வீட்டிலும் கடையிலும் தமிழ்தான். பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மலையாளம் பேசினால் புரியும். எழுத்தில் வந்தால் பலர் தடுமாறுகிறார்கள்.

அந்தப் பேட்டையில் பிளாஸ்டிக் டப்பாக்கள் வார்க்கும் ஓர் ஆலை, வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைத் தமிழில் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டது. ஆலைக்குள் வேலை செய்பவர்களில் 64 பேர் ஓர் ஆள் வழங்கும் ஏஜென்சி அனுப்பியவர்கள். மொழிபெயர்ப்பு என்று நினைத்துத்தான் கையில் எடுத்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். "நமது நிறுவனத்தின் பணியாளர்கள் அனைவரும் காலை 5.50 மணிக்குள் வாசலில் இருக்க வேண்டும்" என்று அது தொடங்கியது.

'நமது' என்ற சொல் தமிழில் கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிறது. 'எங்கள்' என்றால் படிப்பவர் வெளியே நிற்கிறார். 'நமது' என்றால் உள்ளே வந்துவிடுகிறார். அதோடு 'நிறுவனத்தின் பணியாளர்' என்றும் சேர்த்தால், ஏஜென்சி அனுப்பிய ஆளை ஆலை தன் சொந்த ஊழியர் என்று தன் கைப்படவே எழுதிக் கொடுத்ததாகிறது. எழுதியவருக்கு அப்படியொரு எண்ணமே இல்லை. அறிவிப்பு என்றால் இப்படித்தான் தொடங்கும் என்று பழகிய கை எழுதியது.

இது வெறும் சொல் விவகாரம் இல்லை என்பதை விளக்க, நீதிமன்றங்கள் இந்த உறவை எப்படிப் பார்க்கின்றன என்று சொல்ல வேண்டும். பாலக்காட்டில் பிறந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1978-இல் உச்ச நீதிமன்றத்தில் எழுதிய ஒரு தீர்ப்பு, கோழிக்கோட்டுக் கயிற்று ஆலை ஒன்றைப் பற்றியது. 29 தொழிலாளர்களுக்கு வேலை மறுக்கப்பட்டது. அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், தமக்குச் சம்பந்தமில்லை என்றார் ஆலை உரிமையாளர். காகிதத்தில் நடுவே யார் பெயர் இருந்தாலும், திரையை விலக்கிப் பார்க்கும்போது அவர்களுடைய பிழைப்பையும் வேலைத் தொடர்ச்சியையும் யார் கையில் வைத்திருக்கிறாரோ அவரே முதலாளி என்று நீதிமன்றம் சொன்னது. 2001-இல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில், ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்டாலும் தொழிலாளர்கள் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்ற தீர்ப்பு வந்தது. ஆனால் ஒப்பந்தமே வெறும் வேடம் என்று மெய்ப்பித்தால் அவர்கள் வேலை நடக்கும் முதன்மை நிறுவனத்தின் ஊழியர்களே என்பதை அந்தத் தீர்ப்பும் மாற்றவில்லை.

அறிவிப்பு எழுதுபவருக்கு மிகவும் பயன்படுவது 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அது பன்னாட்டு விமான நிலைய ஆணையத்துக்கும் சரக்குத் தொழிலாளர் சங்கத்துக்கும் இடையிலான வழக்கு. ஆள் வழங்கும் ஒப்பந்தமென்றால், வந்த ஆட்கள் அந்த இடத்தில் இருப்பவர் சொல்படிதான் வேலை செய்ய முடியும். அதனால் மட்டுமே அவர் முதலாளி ஆகிவிட மாட்டார் என்றது நீதிமன்றம். எந்த வேலையை எப்படிச் செய்வது என்று சொல்வது ஒரு வகைக் கட்டுப்பாடு. இந்த ஆளை இங்கே அனுப்புவதா வேறிடத்துக்கு அனுப்புவதா, வைத்துக்கொள்வதா விலக்குவதா என்று முடிவு செய்வது இன்னொரு வகை. முதல் வகை ஆலையிடம் இருக்கலாம். இரண்டாவது வகையும் சம்பளமும் ஏஜென்சியிடம் இருக்க வேண்டும். 2014-இல் ஏர் இந்தியா உணவகத் தொழிலாளர் வழக்கில் இதையே விரித்துக் கேள்விகளாகக் கேட்டார்கள்: நியமிப்பது யார், சம்பளம் தருவது யார், நீக்கும் அதிகாரம் யாருக்கு, ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது யார், வேலையில் தொடர்ச்சி உண்டா, கட்டுப்பாடு எவ்வளவு.

இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பழைய அறிவிப்பைப் படித்தால் வரிக்கு வரி குழப்பம் தெரியும். "விடுப்பு வேண்டுவோர் ஷிப்டு மேற்பார்வையாளரிடம் முன்அனுமதி பெற வேண்டும்." "தாமதமாக வந்தால் ரூ.100 அபராதம் சம்பளத்தில் பிடிக்கப்படும்." "விதிகளை மீறுவோர் பணியிலிருந்து நீக்கப்படுவர்." விடுப்பு, அபராதம், நீக்கம் ஆகிய மூன்றும் முதலாளி மட்டும் செய்யக்கூடியவை. மூன்றையும் ஆலை தன் கடிதத்தாளில், தன் முத்திரையோடு, தான் செய்வதாக எழுதி வைத்திருந்தது.

இதில் தமிழ் அலுவல் நடைக்கும் ஒரு பங்கு உண்டு. 'பிடிக்கப்படும்', 'நீக்கப்படுவர்' என்று செயப்பாட்டு வினையில் எழுதும்போது செய்பவர் மறைந்துவிடுகிறார். எழுதுபவருக்கு அது பாதுகாப்பாகத் தோன்றுகிறது. படிப்பவரோ தாளின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவரையே செய்பவராக எடுத்துக்கொள்வார். தொழிலாளர் துறை அதிகாரியும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். ஆகவே நான் வைத்துக்கொண்ட முதல் வேலை, ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் ஓர் உடையவரைத் தேடுவதுதான். இதைச் செய்வது ஆலையா, ஏஜென்சியா? பதில் தெரியாத வரியை எழுதக் கூடாது.

அப்படித் தேடியபோது வரிகள் தாமாகவே இரண்டாகப் பிரிந்தன. ஒன்று இடத்தின் விதி. வளாகத்துக்குள் யார் காலை வைத்தாலும் அவருக்குப் பொருந்துவது: நிரந்தரத் தொழிலாளி, ஏஜென்சி ஆள், லாரி ஓட்டுநர், இயந்திரம் பழுதுபார்க்க வந்தவர் எல்லோருக்கும். மற்றொன்று வேலையின் விதி. ஒருவரை வேலைக்கு வைத்தவர் அவருக்கு மட்டும் சொல்வது. இடத்தின் விதியை ஆலை தயங்காமல், தன் பெயரில், கட்டளையாகவே எழுதலாம், எழுதவும் வேண்டும். வேலையின் விதி ஏஜென்சியின் தாளில், ஏஜென்சியின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தாள்கள் என்று முடிவானது.

முதல் தாளின் தலைவரியை இப்படி மாற்றினேன்: "இந்த வளாகத்துக்குள் வருவோர் அனைவருக்குமான விதிகள். ஒப்பந்தக்காரர் மூலம் வருவோரும் இவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்." நேர வரி இப்படியானது: "காலை ஷிப்டுக்கான வாசல் 5.30 முதல் 6.10 வரை திறந்திருக்கும். அதற்குப் பிறகு வருவோர் பாதுகாவலரிடம் பதிவு செய்து, தங்கள் ஒருங்கிணைப்பாளர் வந்த பின்பு உள்ளே செல்லலாம்." வாசல் ஆலையினுடையது, அது எப்போது திறக்கும் என்று சொல்ல ஆலைக்கு உரிமை உண்டு. ஆள் எத்தனை மணிக்கு வேலைக்கு வர வேண்டும், தாமதமானால் என்ன ஆகும் என்பதை ஏஜென்சியின் தாள் சொல்லும்.

ரூ.100 அபராத வரியை நான் எந்தத் தாளுக்கும் மாற்றவில்லை, அடித்துவிட்டேன். அது ஆலைக்கும் கூடாது, ஏஜென்சிக்கும் அப்படியே கூடாது. 1936-ஆம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டத்திலும், பிறகு 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அபராதத்துக்குக் கடுமையான வரம்பு உண்டு. எந்தத் தவறுகளுக்கு அபராதம் என்ற பட்டியலுக்கு அரசின் ஒப்புதல் பெற்று அதை ஒட்டி வைத்திருக்க வேண்டும். சம்பந்தப்பட்டவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். மொத்த அபராதமும் அந்த ஊதியக் காலத்துக்குரிய ஊதியத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வேலை செய்யாத நேரத்துக்கு ஊதியம் குறைப்பது வேறு கணக்கு. அது வராத நேரத்தின் அளவுக்கே இருக்க முடியும். பத்து நிமிடத் தாமதத்துக்கு நூறு ரூபாய் என்பது இரண்டிலும் சேராது. மாதம் முழுவதும் நின்று வேலை செய்த ஒரு பெண்ணிடமிருந்து, பஸ் வராத நாளுக்காக இப்படிப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்குக் கோபம் வந்தது.

நீக்கம் பற்றிய வரிக்குத்தான் அதிக நேரம் ஆனது. ஆலை மேலாளர் நியாயமாகவே கேட்டார்: குடித்துவிட்டு வருபவரை, சண்டை போடுபவரை நான் உள்ளே வைத்துக்கொண்டிருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. தன் இடத்துக்குள் நுழைய அனுமதிப்பதும் மறுப்பதும் ஆலையின் உரிமை. ஆனால் நுழைவை மறுப்பதும் வேலையை விட்டு நீக்குவதும் ஒன்றல்ல. ஆகவே அந்த வரி இப்படியானது: "பாதுகாப்பு விதியை மீறுபவரை ஆலைப் பொறுப்பாளர் அந்த ஷிப்டில் இயந்திரத்தருகிலிருந்து விலக்கலாம், நுழைவு அனுமதியை நிறுத்திவைக்கலாம். நடந்தது எழுத்தில் ஒப்பந்தக்காரருக்குத் தெரிவிக்கப்படும். மேல் நடவடிக்கையை ஒப்பந்தக்காரர் முடிவு செய்வார்."

இந்த வரிக்குப் பின்னால் ஒரு சீட்டும் வேண்டும். ஆலை ஏஜென்சிக்கு அனுப்பும் அந்தச் சீட்டில் நாள், நேரம், எந்த இயந்திரம், என்ன நடந்தது, யார் பார்த்தார் என்பவை மட்டும் இருக்கும். 'இவரை நீக்கவும்' என்று எழுதினால் போச்சு. ஏஜென்சி மறுநாளே அவரை நீக்கினால், முடிவு எடுத்தது யார் என்ற கேள்விக்கு அந்தச் சீட்டே சாட்சியாகிவிடும். ஏஜென்சி அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். நீக்காமல் வேறோர் இடத்துக்கு அனுப்பவும் அதற்கு வாய்ப்பு இருக்க வேண்டும். ஆளை அனுப்புவது, விலக்குவது பற்றி 2009 தீர்ப்பு சொல்லும் அந்தக் கட்டுப்பாடு நடைமுறையில் உயிரோடு இருக்கிறதா என்பது இங்கேதான் தெரியும்.

இதற்கு நேர் எதிரான பள்ளம் ஒன்றும் உண்டு. அதில் விழுபவர்களே அதிகம். பழைய அறிவிப்பின் கடைசி வரி இது: "ஏஜென்சி ஆட்களுக்கு நிறுவனம் எவ்விதத்திலும் பொறுப்பல்ல." நேரடி வேலை உறவு இல்லை என்று காட்ட இதுதான் வழி என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த வரி பொய். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 'தொழிலாளி' என்பதன் வரையறை ஏஜென்சி வழியாக வருபவரையும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. இயந்திரத்தில் விரல் போனால் ஆள் யாருடையவர் என்று பார்த்து ஆலையின் கடமை குறையாது. ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏஜென்சி ஊதியம் தராவிட்டால் ஆலை கொடுத்துவிட்டு ஏஜென்சியிடம் வசூலித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் பணிப் பாதுகாப்பு பற்றிய 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய பகுதி பொருந்துவதற்கான ஆள் எண்ணிக்கை 20-லிருந்து 50 ஆகியிருக்கிறது. ஊதியப் பொறுப்பு அப்படியே தொடர்கிறது. குடிநீர், கழிப்பறை, ஓய்விடம் போன்றவற்றை இப்போது ஆலையே செய்து தர வேண்டும் என்று ஆகியிருக்கிறது. 64 பேர் இருக்கும் இந்த ஆலை எந்தக் கணக்கிலும் வெளியே நிற்க முடியாது.

சட்டம் விதித்த கடமையைச் செய்வதால் யாரும் நேரடி முதலாளி ஆகிவிடுவதில்லை. இதைப் புரிந்துகொண்டால் பயம் போய்விடும். பாலியல் துன்புறுத்தல் புகாருக்கான உள்ளகக் குழுவும் அப்படித்தான். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஏஜென்சி வழியாக வரும் பெண்களையும் சேர்த்தே பேசுகிறது. ஆகவே ஆலைக் குழு உறுப்பினர்களின் பெயர்களை முதல் தாளிலேயே போட்டோம். 'உங்கள் ஏஜென்சியிடம் சொல்லுங்கள்' என்று தள்ளிவிடவில்லை.

பாதுகாப்பு விதிகளில்தான் ஆலையின் குரல் மிக உரக்கக் கேட்க வேண்டும். பழைய அறிவிப்பில் "ஓடும் இயந்திரத்தில் கை வைக்கக் கூடாது" என்ற ஒரே வரி இருந்தது. வார்ப்பு இயந்திரத்தில் கை போவது எப்போது என்று தெரிந்தவர் அப்படி ஒரு வரியோடு நிறுத்த மாட்டார். டப்பா அச்சில் ஒட்டிக்கொள்ளும். எண்ணிக்கை குறைகிறதே என்று ஆள் காவல் கதவைத் திறந்து கையால் எடுப்பார். கதவு திறந்தால் இயந்திரம் நிற்க வேண்டும். ஆனால் கதவின் சுவிட்சை யாரோ ஒட்டுநாடாவால் கட்டி வைத்திருந்தால் அச்சு மூடும். எனவே இப்படி எழுதினேன்: "டப்பா அச்சில் சிக்கினால் கையை உள்ளே விடாதீர்கள். சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். அச்சைச் சரிசெய்யும் செட்டரைக் கூப்பிடுங்கள். காவல் கதவின் சுவிட்சு கட்டப்பட்டிருந்தால் அந்த இயந்திரத்தை இயக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். நிறுத்தியதற்காக யாரையும் இந்த ஆலை குறை சொல்லாது." கடைசி வாக்கியத்துக்கு மேலாளர் சற்று யோசித்து ஒப்புக்கொண்டார். அதைச் சேர்க்காமல் மற்ற நான்கு வாக்கியங்களால் பயனில்லை. ஏஜென்சி ஆளுக்கு நாளைக்கு வர வேண்டாம் என்ற சொல்லே எப்போதும் தலைக்கு மேல் தொங்குகிறது. நிறுத்தும் துணிவு அவருக்கு எழுத்தில் வேண்டும்.

நுழைவு அட்டை பற்றிய வரியில் 'ஊழியர் அடையாள அட்டை' என்று இருந்ததை 'நுழைவு அட்டை' என்று மாற்றினோம். அட்டையில் ஏஜென்சியின் பெயர் முதலில் வரும். ஆலையின் ஊழியர் எண் வராது. பாரத மிகுமின் நிறுவனம் தொடர்பான 2019-ஆம் ஆண்டு வழக்கில் வாசல் அனுமதிச் சீட்டுகளை மட்டும் வைத்து நேரடி வேலை உறவை நிறுவ முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இருந்தாலும் ஒரு சொல்லை மாற்றத் தயங்க வேண்டிய காரணம் இல்லை.

ஏஜென்சியின் தாள் சிறியது. யார் உங்கள் முதலாளி, ஊதிய நாள் எது, எந்த வேலைக்கு என்ன ஊதியம், விடுப்புக்கு யாரைக் கேட்பது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் எங்கே கிடைக்கும், ஊதியச் சீட்டு எப்போது வரும் என்பவை அதில். இதோடு ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: "குறித்த நாளில் ஊதியம் வராவிட்டால் ஆலையின் பணியாளர் பிரிவிலும் தெரிவிக்கலாம்." ஏஜென்சி முகம் சுளித்தது. சட்டம் ஏற்கெனவே தரும் வழியைத் தொழிலாளிக்குத் தெரியும் மொழியில் சொல்வது அவ்வளவுதான்.

இனி வரம்பைச் சொல்ல வேண்டும். அறிவிப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும், தரையில் நடப்பது வேறாக இருந்தால் நீதிமன்றம் தரையைத்தான் பார்க்கும். அந்த ஆலையில் நான் இருந்த ஒரு காலையில், ஷிப்டு மேற்பார்வையாளர் ஏஜென்சி அனுப்பிய பட்டியலில் மூன்று பெயர்களை அடித்து, தனக்குப் பழகிய மூன்று பெயர்களைப் பேனாவால் எழுதினார். ஒரு ஷிப்டுக்கு எத்தனை பேர், என்ன திறன் வேண்டும் என்று ஆலை கேட்கலாம். யார் வருவது என்பதை ஏஜென்சி தீர்மானிக்க வேண்டும். பேனாவால் எழுதிய அந்த மூன்று பெயர்கள் பலகையில் இருக்கும் இரண்டு தாள்களையும் செல்லாமல் ஆக்கிவிடும். இன்னொன்று அதைவிடக் கனமானது. மூன்று ஏஜென்சிகள் மாறியும் அதே இயந்திரத்தில் எட்டு ஆண்டுகளாக நிற்கும் ஒருவர் அங்கே இருந்தார். அவரைப் பொறுத்தவரை ஏஜென்சி என்பது ஊதியச் சீட்டின் தலைப்பு மட்டும். நாளை அவர் வழக்கு போட்டால், 'நுழைவு அட்டை' என்ற சொல் ஆலையைக் காப்பாற்றும் என்று நான் நம்பவில்லை. காப்பாற்ற வேண்டும் என்றும் நினைக்கவில்லை. அவர் உண்மையில் யாருடைய தொழிலாளி என்று ஆலை நேராகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று மேலாளரிடம் தனியாகச் சொன்னேன்.

தாள்கள் மலையாளம், தமிழ், இந்தி மூன்றிலும் அச்சாகி வந்தன. ஒட்டுவதற்கு முன் உணவு இடைவேளையில் சிலரைக் கூப்பிட்டுத் தமிழ்த் தாளை வாசிக்கச் சொன்னேன். வேலந்தாவளத்திலிருந்து வரும் ஒரு பெண் இரண்டையும் நிதானமாகப் படித்துவிட்டு, "அண்ணா, விடுப்புக்கு இந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று போட்டிருக்கிறது. இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு மணிக்கு யார் எடுப்பார்?" என்று கேட்டார். அங்கேயே என் தொலைபேசியில் அந்த எண்ணை அழுத்தினேன். பகல் ஒரு மணிக்கே மணி அடித்து அடித்து நின்றது. இரண்டாவது முறையும் அப்படியே. ஏஜென்சியின் தாளை மட்டும் அன்று ஒட்டவில்லை. இரவிலும் எடுக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளரின் எண் வர ஒன்பது நாள் ஆனது. அதுவரை பலகையின் வலது பாதி வெறுமையாகவே இருந்தது.